கெபாசிட்டர் வாங்கும் முன்: தேனி ஆலைகளுக்கு ஒரு திறந்த மடல்

தேனி, ஆண்டிபட்டி வட்டார நூற்பாலைகளின் உரிமையாளர்களுக்கும், அந்த ஆலைகளின் பேனல் அறைகளைக் காத்துவரும் மின்பராமரிப்புப் பொறுப்பாளர்களுக்கும், சின்னமனூர், கம்பம் பக்கம் உயரழுத்த இணைப்பு வைத்திருக்கும் மற்ற தொழிற்கூடத்தாருக்கும் இந்த மடல்.

ஹார்மோனிக்ஸ் என்றதும் நம் ஆலைகளில் எல்லோரும் கைநீட்டுவது டிரைவைத்தான். ரிங் ஃபிரேமுக்கும் கம்பிரசருக்கும் ஹியூமிடிஃபிகேஷன் ஃபேனுக்கும் ஏசி டிரைவ் வந்தது, கூடவே இந்தத் தொல்லையும் வந்தது என்பது பொதுப் பேச்சு. அது பாதி உண்மை. மீதிப் பாதி டிரைவுக்கு நாலடி தள்ளி, பவர் ஃபேக்டர் பேனலுக்குள் இருக்கிறது. டிரைவ் உண்டாக்கும் ஹார்மோனிக் கரன்ட்டை இரட்டிப்பாக்கி லைனுக்கு அனுப்புவது பெரும்பாலும் நாமே காசு கொடுத்து வாங்கி வைத்த வெறும் கெபாசிட்டர் பேங்க்தான். அதே கெபாசிட்டரை, சரியாகக் கணக்குப் போட்ட ஒரு ரியாக்டருடன் தொடரில் சேர்த்தால், அது ஹார்மோனிக்ஸை விழுங்கும் ஃபில்டராக மாறும். அடுத்த முறை கெபாசிட்டருக்கு ஆர்டர் எழுதும் முன், அதை ஃபில்டராக வாங்க முடியுமா என்று கணக்குப் பாருங்கள் என்பதே இந்த மடலின் கோரிக்கை. அந்தக் கணக்கை உங்கள் ஆலைக்கென்று போட வேண்டும், பக்கத்து ஆலையிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டில் உயரழுத்த நுகர்வோர் ஒருவர் வரம்புக்கு மேல் ஹார்மோனிக்ஸை லைனில் கொட்டினால், அதை அடக்கும் சாதனம் வைக்கும்வரை கட்டணத்தில் 15 சதவீதம் இழப்பீடாகக் கட்ட வேண்டும் என்று மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வைத்திருக்கிறது. வரம்பு எது என்பதை மத்திய மின்சார ஆணையத்தின் கிரிட் இணைப்பு விதிகள் சொல்கின்றன. 2007-ல் வந்த விதியில் அது எல்லோருக்கும் ஒரே கோடாக இருந்தது: இணைப்புப் புள்ளியில் வோல்டேஜ் சிதைவு மொத்தம் 5 சதவீதம், தனித்த எந்த ஹார்மோனிக்கும் 3 சதவீதம், கரன்ட் சிதைவு 8 சதவீதம். 2019-ல் வந்த திருத்தம் கரன்ட் வரம்பை ஐஇஇஇ 519 தரத்தோடு இணைத்தது. அந்தத் தரத்தில் ஒரே கோடு கிடையாது. உங்கள் இணைப்புப் புள்ளியில் லைன் எவ்வளவு பலமாக இருக்கிறதோ, அதைப் பொறுத்து உங்களுக்கான வரம்பு தளரும் அல்லது இறுகும். ஷார்ட் சர்க்யூட் கரன்ட்டை உங்கள் அதிகபட்ச டிமாண்ட் கரன்ட்டால் வகுத்தால் வரும் விகிதம் 100-க்கும் 1000-க்கும் இடையில் என்றால் மொத்தக் கரன்ட் சிதைவு 15 சதவீதம் வரை போகலாம். 50-க்கும் 100-க்கும் இடையில் என்றால் 12. 20-க்கும் 50-க்கும் இடையில் என்றால் 8. அதற்கும் கீழே 5 மட்டுமே.

இந்தச் சதவீதம் எதிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதில் பலர் தடுக்கி விழுகிறார்கள். மீட்டர் திரையில் டிஎச்டி என்று வருவது அந்தக் கணத்தில் ஓடும் கரன்ட்டின் சதவீதம். தரம் கேட்பது டிடிடி, அதாவது அதிகபட்ச டிமாண்ட் கரன்ட்டின் சதவீதம். பெரும்பாலான ஃபிரேம்கள் நிற்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் மீட்டர் 40 சதவீதம் காட்டினாலும் அது வரம்பு மீறல் ஆகிவிடாது. முழு லோடில் 16 காட்டினால் மீறல் ஆகலாம். ஒரு வாரம் முழுக்கப் பத்து நிமிடத்துக்கொரு முறை பதிவு எடுத்து, அதில் 95 சதவீதப் பதிவுகள் வரம்புக்குள் இருக்கின்றனவா என்றுதான் பார்க்க வேண்டும். டாங் டெஸ்டரைக் கேபிளில் மாட்டி ஐந்து நிமிடம் பார்த்துச் சொல்வது தீர்ப்பாகாது.

லைனின் பலத்தைப் பற்றி நம் பள்ளத்தாக்கில் ஒரு தவறான நம்பிக்கை எளிதில் வரக்கூடும். லோயர் கேம்ப்பில் பெரியாறு மின்நிலையமே இருக்கிறது, கம்பத்தில் லைன் பலமாகத்தானே இருக்கும் என்று தோன்றும். மின்நிலையத்தின் பலம் உயர்மின் தடத்தில் இருக்கிறது, அது உங்கள் மின்கம்பம்வரை அப்படியே இறங்கி வருவதில்லை. துணை மின்நிலையத்தில் 16 எம்விஏ டிரான்ஸ்பார்மர், 10 சதவீத இம்பீடன்ஸ் என்று வைத்துக்கொண்டால், அதன் பஸ்பாரிலேயே ஃபால்ட் லெவல் 160 எம்விஏவைத் தாண்டாது. அங்கிருந்து தோப்புகளையும் திராட்சைப் பந்தல்களையும் கடந்து சில மைல் ஓடும் ஓவர்ஹெட் லைன் மிச்சத்தைத் தின்றுவிடும். ஃபீடரின் கடைக்கோடியில் 60 எம்விஏ இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஒரே அளவுள்ள இரண்டு ஆலைகளில், துணை மின்நிலையத்தை ஒட்டியிருப்பதற்கு ஒரு வரம்பு, கடைக்கோடியில் இருப்பதற்கு வேறு வரம்பு. இது நியாயமா என்ற கேள்விக்குப் பிறகு வருகிறேன்.

இனி ஒரு ஆலையை எடுத்துக்கொள்வோம். இது கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட ஆலை, ஆனால் அளவுகள் இங்கே சாதாரணமாகக் காணக்கூடியவை. 1000 கேவிஏ டிரான்ஸ்பார்மர், 5 சதவீத இம்பீடன்ஸ். உயரழுத்தப் பக்கம் ஃபால்ட் லெவல் 60 எம்விஏ. டிரான்ஸ்பார்மரைத் தாண்டி 415 வோல்ட் பஸ்பாரில் அது 15 எம்விஏவாகிறது. ஆலையின் லோடு 720 கிலோவாட், பவர் ஃபேக்டர் 0.90, ஆக 800 கேவிஏ. அதில் டிரைவ்கள் மட்டும் 500 ஆம்பியர் இழுக்கின்றன. எல்லாம் ஆறு டயோடு கொண்ட மூன்று ஃபேஸ் ரெக்டிஃபையர்கள். இத்தகைய ரெக்டிஃபையர் கரன்ட்டைத் தொடர்ச்சியாக இழுக்காமல் துண்டு துண்டாக இழுப்பதால், ஐந்தாம், ஏழாம், பதினொன்றாம், பதின்மூன்றாம் ஹார்மோனிக்குகள் உண்டாகின்றன. மூன்றும் ஒன்பதும் சமநிலையான மூன்று ஃபேஸில் கிட்டத்தட்ட இருக்காது. ஒவ்வொரு டிரைவுக்கும் முன்னால் சோக் போட்டிருப்பதாக வைத்துக்கொண்டு, ஐந்தாவது 35 சதவீதம், ஏழாவது 12 சதவீதம் என்று எடுத்திருக்கிறேன். சோக் இல்லாத மலிவு டிரைவில் ஐந்தாவது மட்டுமே 60 சதவீதத்தைத் தாண்டும். உங்கள் ஆலையில் அப்படி இருந்தால் இந்த மடலை இங்கேயே மடித்து வைத்துவிட்டு முதலில் சோக் வாங்குங்கள். அதைவிட மலிவான மருந்து இதில் கிடையாது.

500 ஆம்பியரில் 35 சதவீதம் என்றால் ஐந்தாம் ஹார்மோனிக் 175 ஆம்பியர், ஏழாவது 60. பதினொன்று 40, பதின்மூன்று 25. எல்லாவற்றையும் வர்க்கம் கூட்டி மூலம் எடுத்தால் 191 ஆம்பியர் வருகிறது. ஆலையின் மொத்தக் கரன்ட் 1113 ஆம்பியர், ஆகவே டிடிடி 17 சதவீதம். இந்த ஆலையின் ஷார்ட் சர்க்யூட் விகிதம் 75, வரம்பு 12. ஐந்தாம் ஹார்மோனிக்குத் தனியாக 10 சதவீதம்தான் அனுமதி, இங்கே அது 16-ஐ நெருங்குகிறது. ஆக, கெபாசிட்டர் ஒன்றுகூட இல்லாத நிலையிலேயே ஆலை வரம்பைத் தாண்டி நிற்கிறது.

இப்போது வழக்கமாக நடப்பதைச் செய்வோம். பவர் ஃபேக்டரை 0.98-க்கு ஏற்ற 200 கேவிஏஆர் வேண்டும் என்று கணக்கு வருகிறது, வெறும் கெபாசிட்டராக வாங்கி மாட்டுகிறோம். கெபாசிட்டர் ஒரு பக்கம், டிரான்ஸ்பார்மரும் லைனும் சேர்ந்த இண்டக்டன்ஸ் இன்னொரு பக்கம். இரண்டும் இணையாகச் சேர்ந்து ஏதோ ஒரு அதிர்வெண்ணில் ஒத்ததிர்ந்தே தீரும். அது எந்த ஹார்மோனிக் எண்ணில் விழும் என்பதை ஒரே வரியில் கண்டுபிடிக்கலாம்:

```
h = √(Ssc / Qc) = √(15000 / 200) ≈ 8.7
```

மேலே இருப்பது பஸ்பாரின் ஃபால்ட் லெவல், கீழே இருப்பது கெபாசிட்டர் அளவு, இரண்டும் கிலோ கணக்கில். 8.7 என்பது ஏழுக்கும் பதினொன்றுக்கும் இடையில்தானே, தப்பித்தோம் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். ஒத்ததிர்வு எண்ணுக்குக் கீழே இருக்கும் ஹார்மோனிக்குகளும் பெருகும். ஐந்தாவது ஒன்றரை மடங்காகி 262 ஆம்பியராகவும், ஏழாவது ஏறக்குறைய மூன்று மடங்காகி 173 ஆம்பியராகவும் லைனுக்குப் போகின்றன. பதினொன்றும் சேர்ந்துகொள்கிறது. பவர் ஃபேக்டர் ஏறியதால் டிமாண்ட் கரன்ட் 1022 ஆம்பியராகக் குறைந்திருக்கிறது, அந்தப் புது அடித்தளத்தில் டிடிடி 31 சதவீதம். டிரைவில் ஒரு நட்டுகூட மாறவில்லை. 17-ஆக இருந்ததை 31 ஆக்கியது கெபாசிட்டர்.

தானாக ஸ்டெப் மாற்றும் பேனல் என்றால் இந்த எண் நாள் முழுக்க நகர்ந்துகொண்டே இருக்கும். லோடு கூடி 300 கேவிஏஆர் உள்ளே வரும் நேரத்தில் மேலே உள்ள சூத்திரம் 7.07 காட்டுகிறது, ஏழாம் ஹார்மோனிக்கின் தலைமேல் நேராக. கேபிளிலும் டிரான்ஸ்பார்மரிலும் உள்ள ரெசிஸ்டன்ஸ் மட்டுமே அப்போது பெருக்கத்தைப் பிடித்து நிறுத்துகிறது. பேனலில் ஒரே ஒரு ஸ்டெப் உள்ளே வரும்போது மட்டும் ஃபியூஸ் போகிறது, அந்த ஸ்டெப்பின் கெபாசிட்டர்கள் மட்டும் உப்பிக்கொள்கின்றன, கம்பெனியை மாற்றியும் நிற்கவில்லை என்றால், காரணத்தைக் கெபாசிட்டர் தரத்தில் தேடாமல் இந்த வர்க்கமூலத்தில் தேடுங்கள்.

ஃபில்டருக்கு வருவோம். வேண்டியது அதே 200 கேவிஏஆர்தான், அதில் மாற்றமில்லை. 415 வோல்ட்டில் 200 கேவிஏஆர் தர மொத்த ரியாக்டன்ஸ் 0.861 ஓம் இருக்க வேண்டும். தொடரில் ரியாக்டர் வந்துவிடுவதால் அது கெபாசிட்டரின் ரியாக்டன்ஸில் கொஞ்சத்தைக் கழித்துவிடும், ஆகவே கெபாசிட்டரைச் சற்று கூட்டி வைக்க வேண்டும். எவ்வளவு என்பது எந்த எண்ணுக்குச் சுருதி சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. நான் 4.7-க்குச் சேர்க்கிறேன், அதாவது 235 ஹெர்ட்ஸ். கணக்கு இவ்வளவுதான்:

```
X  = V² / Q            = 415² / 200000  = 0.861 Ω
Xc = X · h² / (h² − 1) = 0.861 · 1.0474 = 0.902 Ω
XL = Xc / h²           = 0.902 / 22.09  = 0.0408 Ω
L  = XL / (2π · 50)    ≈ 0.13 mH
```

ஒரு ஃபேஸுக்கு 0.13 மில்லிஹென்ரி ரியாக்டர், டெல்டாவில் ஒவ்வொரு கிளைக்கும் ஏறக்குறைய 1176 மைக்ரோஃபாரட். 250 ஹெர்ட்ஸில் இந்த ஜோடியின் மிச்ச ரியாக்டன்ஸ் 0.024 ஓம், டிரான்ஸ்பார்மரும் லைனும் சேர்ந்தது 0.057 ஓம். இரண்டு பாதை திறந்திருக்கும்போது கரன்ட் எளிய பாதையை அதிகம் நாடும். 175 ஆம்பியரில் 124 ஃபில்டருக்குள் போகிறது, 51 மட்டுமே லைனுக்குப் போகிறது. ஏழாவதிலும் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது, பதினொன்றிலும் பதின்மூன்றிலும் கால் பங்கு. எல்லாம் கூட்டினால் டிடிடி 7 சதவீதம், ஐந்தாவது தனியாக 5 சதவீதம். 2019-க்குப் பிந்தைய 12-க்கும் உள்ளே, 2007-ன் கறாரான 8-க்கும் உள்ளே. 31 எங்கே, 7 எங்கே. இரண்டு ஏற்பாட்டிலும் பவர் ஃபேக்டர் ஒன்றுதான்.

ஐந்தாவதைப் பிடிக்க வேண்டும் என்றால் சரியாக ஐந்துக்கே சுருதி சேர்க்கலாமே, ஏன் 4.7 என்று கேட்பது நியாயம். புதிதாக இருக்கும் நாளில் ஐந்துக்குச் சேர்த்த ஃபில்டர் இதைவிட அதிகம் பிடிக்கும் என்பதும் உண்மை. ஆனால் கெபாசிட்டர் என்பது வருடா வருடம் தேயும் பொருள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில், காற்றோட்டமில்லாத பேனல் அறையில், இன்னும் வேகமாகத் தேயும். கெபாசிட்டன்ஸ் குறையக் குறையச் சுருதி மேலே ஏறும். ஃபில்டர் மாட்டிய பிறகும் லைனோடு சேர்ந்த இணை ஒத்ததிர்வு ஒன்று சுருதிக்குக் கீழே பதுங்கியிருக்கிறது, நம் கணக்கில் அது 4.15-ல் இருக்கிறது. சுருதி ஏறும்போது அதுவும் கூடவே ஏறி ஐந்தை நோக்கி நகரும். ஐந்துக்குச் சேர்த்த ஃபில்டர் 20 சதவீதம் கெபாசிட்டன்ஸை இழந்தால், ஐந்தாம் ஹார்மோனிக் லைனில் மூன்று மடங்குக்கு மேல் பெருகும். எதை ஒழிக்க வாங்கினோமோ அதையே வளர்க்கும் சாதனமாகிவிடும். 4.7-க்குச் சேர்த்தது அதே 20 சதவீதத்தை இழந்தால் லைனுக்குப் போவது 104 ஆம்பியர்; டிடிடி வரம்புக்குள்தான், தனி வரம்பான 10 சதவீதத்தை மட்டும் மயிரிழையில் தாண்டும். ஃபில்டர் இல்லாத 175-ஐவிட இன்னும் நல்ல நிலைதான். தேய்மானத்துக்கு இடம் விட்டு வைப்பதற்குத்தான் அந்த 0.3.

கெபாசிட்டரின் வோல்டேஜ் ரேட்டிங்கில்தான் நம் ஆர்டர்கள் அதிகம் கெடுகின்றன. 415 வோல்ட் பஸ்பார், 440 வோல்ட் கெபாசிட்டர் போதும் என்று எழுதிவிடுகிறார்கள். தொடரில் ரியாக்டர் வந்தாலே கெபாசிட்டரின் முனைகளில் வோல்டேஜ் 415-லிருந்து 435-ஆக ஏறிவிடுகிறது. இரவில் லைன் வோல்டேஜ் 6 சதவீதம் கூடினால் 461. அதன்மேல் ஐந்தாம் ஹார்மோனிக் தன் பங்குக்கு 39 வோல்ட் ஏற்றும். இன்னொன்றும் இருக்கிறது, பெரும்பாலோர் மறந்துவிடுவது: ஃபில்டர் உங்கள் டிரைவின் ஹார்மோனிக்கை மட்டும் தேர்ந்தெடுத்து விழுங்குவதில்லை. லைனில் ஏற்கெனவே 2 சதவீதம் ஐந்தாம் ஹார்மோனிக் வோல்டேஜ் இருந்தால், அது மேலும் 59 ஆம்பியரை ஃபில்டருக்குள் தள்ளும். மோசமான சேர்க்கையில் எல்லாவற்றையும் நேரடியாகக் கூட்டினால் 525 வோல்ட் வருகிறது. ஆகவே 525 வோல்ட் கெபாசிட்டர்தான் வேண்டும். அதன் பெயர்ப்பலகையில் 305 கேவிஏஆர் என்று இருக்கும், ஏனென்றால் அந்த எண் 525 வோல்ட்டுக்கானது. 200 கேட்டதற்கு 305 கொட்டேஷன் தருகிறார்களே, ஏமாற்று என்று சந்தேகப்படாதீர்கள். 200-ஐயும் 440 வோல்ட்டையும் எழுதிக் கொடுக்கிற மலிவு கொட்டேஷனைத்தான் சந்தேகிக்க வேண்டும். ரியாக்டரும் அப்படியே. சாதாரணமாக ஓடும் 278 ஆம்பியருக்குச் சுற்றியது போதாது. ஏறக்குறைய 1.8 மடங்குவரை இரும்பு நிறைவுறாமல் அதன் இண்டக்டன்ஸ் மாறாதிருக்க வேண்டும். நிறைவுற்ற ரியாக்டரின் இண்டக்டன்ஸ் சரிந்தால் சுருதியும் கூடவே போய்விடும்.

இனி மறுப்புகள். நாங்கள்தான் ஏற்கெனவே 7 சதவீத ரியாக்டர் போட்ட பேனல் வைத்திருக்கிறோமே என்பது முதலாவது. அது நல்ல ஏற்பாடுதான், வெறும் கெபாசிட்டரைவிட எவ்வளவோ மேல். அதன் சுருதி 189 ஹெர்ட்ஸில் இருக்கிறது, ஐந்தாவதுக்கு வெகு கீழே, ஆகவே பெருக்கம் இல்லை, கெபாசிட்டரும் பிழைக்கும். ஆனால் அதன் வேலை கெபாசிட்டரைக் காப்பது, ஹார்மோனிக்கைப் பிடிப்பது இல்லை. நம் ஆலையில் அதே 200 கேவிஏஆரை 7 சதவீதத்தில் வைத்தால் ஐந்தாவதில் 30 சதவீதம்தான் குறைகிறது, லைனுக்கு 124 ஆம்பியர் போய்க்கொண்டே இருக்கும். அது 12 சதவீதம், அனுமதி 10. துணை மின்நிலையத்தை ஒட்டிய ஆலைக்கு இது போதுமானதாக இருக்கலாம், கடைக்கோடி ஆலைக்குப் போதாது. 4.7 என்பது 4.5 சதவீத ரியாக்டர். கடையில் தயாராகக் கிடைப்பவை 5.67, 7, 14 என்றே இருக்கும், இதைச் சொல்லித்தான் சுற்ற வைக்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு ஆக்டிவ் ஃபில்டர்காரர்களுடையது. அவர்கள் சொல்வதில் தவறில்லை. ஆக்டிவ் ஃபில்டர் எல்லா ஹார்மோனிக்கையும் சேர்த்துப் பிடிக்கும், ஒத்ததிர்வு பயம் குறைவு, லோடு மாறினாலும் தன்னை மாற்றிக்கொள்ளும். லிஃப்ட், கிரேன், நிமிடத்துக்கு நிமிடம் மாறும் இயந்திரங்கள் உள்ள இடத்தில் நானும் அதைத்தான் சொல்வேன். நூற்பாலை அப்படியில்லை. மூன்று ஷிஃப்டும் ஏறக்குறைய ஒரே லோடு, ஹார்மோனிக்கில் ஐந்தாவதே பெரும்பங்கு, பவர் ஃபேக்டருக்கு எப்படியும் கெபாசிட்டர் வாங்கியாக வேண்டும். வாங்கவேண்டிய கெபாசிட்டருடன் ஒரு ரியாக்டரைச் சேர்ப்பதற்கும், கரன்ட் அளவில் தனியாக ஒரு கன்வெர்ட்டர் வாங்குவதற்கும் விலையில் உள்ள தூரம் சிறியதன்று. அதன்பிறகும் ஏழாவதோ பதினொன்றோ வரம்பு மீறினால், மிச்சத்துக்கு மட்டும் சிறிய ஆக்டிவ் ஃபில்டர் ஒன்று போதும்.

மூன்றாவதுதான் கனமான மறுப்பு. இந்த ஆலை உயரழுத்தப் பக்கம் உண்டாக்கும் வோல்டேஜ் சிதைவு, கெபாசிட்டர் இல்லாதபோது, 1.3 சதவீதம்தான். வரம்பு 5. வோல்டேஜ் நன்றாக இருக்கும்போது கரன்ட்டுக்காக ஏன் எங்களைப் பிடிக்க வேண்டும், அதிலும் கடைக்கோடியில் இருப்பதற்காக ஏன் கூடுதலாகப் பிடிக்க வேண்டும்? கேள்வி சரிதான். ஆனால் அந்த 5 சதவீதம் ஒரு ஆலைக்கு எழுதிவைத்த சொத்து இல்லை, ஃபீடர் முழுவதற்கும் பொது. இதே மாதிரி நாலைந்து இணைப்புகள் ஒரே ஃபீடரில் வந்துவிட்டால் பொதுப்பங்கு தீர்ந்துவிடும், அதே ஃபீடரில் தொங்கும் தோட்டத்துப் பம்ப்செட் மோட்டார்கள் காரணம் தெரியாமலே சூடாகும். யார் யார் எவ்வளவு என்று பிறகு பிரித்துப் பார்க்க வழியில்லை, அதனால்தான் ஒவ்வொருவருக்கும் கரன்ட்டில் ஒரு பங்கை முன்கூட்டியே அளந்து தருகிறார்கள். பலவீனமான லைனில் அதே ஆம்பியர் அதிக வோல்டேஜைச் சிதைக்கும் என்பதால் கடைக்கோடிக்குப் பங்கு சிறுக்கிறது. ஆலை அமைந்த இடத்துக்கு உரிமையாளர் மட்டுமே விலை கொடுப்பதில் எனக்கும் நெருடல் உண்டு. லைனைப் பலப்படுத்தும் கடமை வாரியத்துக்கு இருக்கிறது, அதை நீங்கள் கேட்கவும் வேண்டும். அதுவரை வாய்க்கால் கடைமடை விவசாயிக்குத் தெரிந்த கணக்குதான் இது.

பக்கத்து ஆலை கொட்டும் ஹார்மோனிக்கை என் ஃபில்டர் ஏன் சுமக்க வேண்டும் என்ற முணுமுணுப்புக்கும் இடமுண்டு. சுமக்கத்தான் செய்யும், மேலே சொன்ன 59 ஆம்பியர் அதுதான். அதனால்தான் வடிவமைக்கும் முன் உங்கள் டிரைவ்களை நிறுத்திவிட்டு லைனில் இருக்கும் வோல்டேஜ் சிதைவை மட்டும் ஒரு நாள் அளந்து வைத்துக்கொள்ள வேண்டும். அது 2-ஐத் தாண்டினால் கெபாசிட்டரையும் ரியாக்டரையும் இன்னும் பெரிதாக்க வேண்டும், அல்லது சுருதியை 4.7-லிருந்து சற்றுக் கீழே இறக்கி, பிடிப்பதைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இரண்டில் எது என்பதை அளவுதான் சொல்லும்.

மாட்டிய பிறகு நடக்கும் தவறுகளில் மூன்றைச் சொல்லியாக வேண்டும். ஃபில்டர் வந்த பிறகும் பழைய பேனலில் ஒரு நூறு கேவிஏஆர் வெறும் கெபாசிட்டரைச் சும்மா கிடக்கட்டும் என்று விட்டுவைப்பது முதல் தவறு. அது ஃபில்டரோடு சேர்ந்து ஐந்துக்கு மேலே புதிதாக ஒரு ஒத்ததிர்வை உண்டாக்கும். கெட்டுப்போன ஒரு கெபாசிட்டர் யூனிட்டைக் கழற்றிவிட்டு, மீதியை அதே ரியாக்டருடன் ஓடவிடுவது இரண்டாவது. கால் பங்கு யூனிட்டுகள் வெளியே போனால் 4.7-ம் கைகொடுக்காது, லைனுக்குப் போகும் ஐந்தாவது 300 ஆம்பியரைத் தொடும். லோடுக்கேற்ப இரண்டாகப் பிரிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு பாதிக்கும் தனி ரியாக்டர் இருக்க வேண்டும். மூன்றாவது ஜெனரேட்டர். மின்தடையின்போது 500 கேவிஏ ஜெனரேட்டருக்கு மாறினால், லைனின் இடத்தில் பலவீனமான ஒரு மூலம் வந்து உட்காருகிறது, இணை ஒத்ததிர்வு மூன்றாம் ஹார்மோனிக்கின் பக்கத்தில் வந்து நிற்கிறது. குறைந்த லோடில் ஜெனரேட்டரின் வோல்டேஜ் ரெகுலேட்டரும் 200 கேவிஏஆரைத் தாங்காமல் தடுமாறும். மாற்று ஸ்விட்ச் திரும்பும்போது ஃபில்டர் கான்டாக்டர் தானாக விழும்படி இண்டர்லாக் போட்டுவிடுங்கள்.

ஃபில்டர் நலமாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளப் பெரிய கருவி தேவையில்லை. ட்ரூ ஆர்எம்எஸ் டாங் டெஸ்டர் ஒன்று போதும், சாதாரண டாங் டெஸ்டர் இங்கே பொய் சொல்லும். முதல் நாள் முழு லோடில் மூன்று ஃபேஸிலும் ஃபில்டர் கரன்ட்டை எழுதி வையுங்கள். நம் ஆலையில் அது 305 ஆம்பியர் அளவில் இருக்கும். ஆறு மாதத்துக்கொரு முறை அதையும், பேனலை நிறுத்தி டிஸ்சார்ஜ் செய்த பிறகு ஒவ்வொரு யூனிட்டின் மைக்ரோஃபாரட்டையும் பாருங்கள். 10 சதவீதம் குறைந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. ஒரு ஃபேஸ் மட்டும் வேறுபட்டால் அன்றைக்கே நிறுத்துங்கள். கரன்ட் கூடிக்கொண்டே போகிறது, கெபாசிட்டன்ஸ் மாறவில்லை என்றால், பக்கத்தில் யாரோ புதிதாக டிரைவ் மாட்டியிருக்கிறார்கள் அல்லது உங்கள் ஆலையிலேயே மாட்டியிருக்கிறீர்கள்.

இந்த மடலில் உள்ள 0.13 மில்லிஹென்ரியையோ 1176 மைக்ரோஃபாரட்டையோ யாரும் எடுத்து ஆர்டர் எழுத வேண்டாம். அவை 60 எம்விஏ ஃபால்ட் லெவலும் 175 ஆம்பியர் ஐந்தாம் ஹார்மோனிக்கும் உள்ள ஓர் ஆலைக்கானவை. உங்கள் செயற்பொறியாளர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்து உங்கள் இணைப்புப் புள்ளியின் ஃபால்ட் லெவலை எழுத்தில் வாங்குங்கள். ஃபீடரை மாற்றினாலோ துணை மின்நிலையத்தில் டிரான்ஸ்பார்மரைப் பெரிதாக்கினாலோ மறுபடி கேளுங்கள். ஒரு வாரப் பதிவு எடுங்கள். ஆலைக்குள் எந்த மூலையில் எந்தக் கெபாசிட்டர் கிடக்கிறது என்று ஒரு பட்டியல் போடுங்கள், மோட்டார் டெர்மினலில் நேரடியாகக் கட்டியவற்றையும் விடாமல். இந்த மூன்று தாளும் கையில் இல்லாமல் கொட்டேஷன் கேட்காதீர்கள். இந்த மூன்றையும் கேட்காமல் கொட்டேஷன் தருகிறவரிடம் வாங்காதீர்கள்.